குளிக்க வந்தவர்கள்

கிழக்கேகோட்டையில், பெரிய கோவிலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் என் லாட்ஜ் பாதி காலியாகவே கிடந்தது. புதுக் கட்டில் போட்டும் ஆள் வரவில்லை. மானேஜர் அறைகளைத் திருட்டுத்தனமாக வாடகைக்கு விடுகிறாரோ என்று சந்தேகப்பட்டு, ஒருநாள் காலையில் சொல்லாமல் போய் நின்றேன்.

நாகர்கோவில் பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு அம்மாள் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "ராத்தங்கல்லாம் இல்ல. குளிச்சு, துணி மாத்தி, சாமி கும்பிட்டுட்டு சாயங்காலமே போயிருவோம். பெட்டியை வைக்க இடம் உண்டா?"

இல்லையென்று அனுப்பிவிட்டு மானேஜர் என்னிடம் சொன்னார்: "தினமும் இதாக்கும் சாரே. பஸ் கூடிப்போச்சு, வந்த அன்னைக்கே திரும்பிப் போயிடறாங்க. நாம கட்டிலை விக்கறோம், அவங்களுக்கு வேண்டியது குளி. கீழே குளியலறை கட்டிருவோம்."

கட்டச் சொல்கிறாரே, மேஸ்திரி யாராவது இவருக்குச் சொந்தக்காரரோ என்று ரகசியமாக விசாரித்தேன். இல்லை. அரைமனதோடு கீழ்த்தளத்தைக் குளியலறைகளாக்கி, பெட்டி வைக்க ஓர் அறை ஒதுக்கி, வேட்டி இல்லாமல் ஆண்களைக் கோவிலுக்குள் விடமாட்டார்கள் என்பதால் வாடகைக்கு வேட்டியும் வைத்தோம். விடியுமுன்பே வாசலில் வரிசை நின்றது. மேல்மாடிக்கு வாங்கவிருந்த கட்டில்களை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.