கீழ்க்கோடுதான் தடித்த கம்பி

பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, கோயில் பாடல் குழுவில் கிதார் வாசிக்க நானே கை தூக்கினேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். தாளில் எழுதியிருப்பது எனக்குப் புரியாமல் போகாது என்ற நினைப்பு. கிறிஸ்துமஸ் பாட்டின் தொடக்க மெட்டைச் சனிக்கிழமைக்குள் வாசிக்காவிட்டால் ஆர்மோனியத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் குழுத் தலைவர்.

மேல்நாட்டு இசைக்குறிப்பு எனக்குத் தெரியாது. கையில் இருந்தது ‘டேப்’ என்ற கிதார் குறிப்புத் தாள். அதில் ஆறு கோடுகள் ஆறு கம்பிகள். கோட்டின் மேலுள்ள எண், விரல் வைக்க வேண்டிய கட்டம். கிதாரை மடியில் வைத்தால் தடித்த கம்பிதான் மேலே இருக்கும். அதனால் மேல்கோடுதான் தடித்த கம்பி என்று வாசித்தேன்.

உவரிக்காரத் தோழி காதைப் பொத்தினாள். "ஏட்டி, பாட்டு வாசிக்கியா, லாரி கிளப்புதியா?"

"தாள்ல தப்பா அடிச்சிருக்கான்," என்று பென்சிலால் எண்களைத் திருத்தத் தொடங்கினேன்.

மெட்டு முடியும் இடத்தில் ‘இ மைனர்’ என்ற கார்டு, கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு, இருந்தது. அதன் படமும் பக்கத்திலேயே இருந்தது. படத்தில் நெட்டுக்கோடுகள்தான் கம்பிகள், புள்ளிகள் விரல் வைக்கும் இடங்கள். இடது ஓரத்தில் இருப்பது தடித்தது. தோழி அந்தப் படத்தை விரலால் காட்டினாள்.

"இங்கன ரெண்டு புள்ளியும் தடிச்ச கம்பிப் பக்கம்லா இருக்கு? டேப்ல ரெண்டு ரெண்டுன்னு கீழல்லா போட்டிருக்கு. ரெண்டுமா தப்பு?"

கீழ்க்கோட்டைத் தடித்த கம்பியாக வைத்து மெட்டை முதலிலிருந்து வாசித்தேன். பாட்டு வந்தது.

"ரப்பர் வச்சிருக்கியாட்டி?" என்று கேட்டேன்.

"திருத்துன டீச்சரம்மாட்ட இல்லையோ?" என்றாள்.

சனிக்கிழமை தலைவர் ஆர்மோனியத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.