மைனஸ் எண்பதில் எண்ணிய எண்ணிக்கை
2023 மே 14, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2 மணி 40 நிமிடம். ஆரணியில் காற்றே இல்லை. கல்லூரிச் சுவரில் தொங்கிய வெப்பமானியில் நாற்பத்தொன்று. காவலாளி போனில் கூப்பிட்டார். தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்து விட்டது, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை, உங்கள் பெட்டி கத்துகிறது என்றார்.

பெட்டி என்றால் நுண்ணுயிரியல் துறையின் டீப் ஃப்ரீசர், எப்போதும் மைனஸ் 80 டிகிரியில் இருப்பது. நான் அங்கே முப்பத்தொரு வருடம் ஆய்வக உதவியாளனாக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் ஏழு வருடமாக வந்து, அதன் வெப்பநிலையைக் காலையும் மாலையும் நோட்டில் எழுதுகிறேன். யாரும் கேட்டதில்லை.

உள்ளே 184 குப்பிகள். பெரணமல்லூரிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, பட்டு நூலின் பசையை நீக்க வேகவைக்கும் தொட்டிகளிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்கள். அவற்றில் 37ஆம் எண் மட்டும் சோப்பில்லாமலே பசையைத் தின்றது. மூன்று வருட உழைப்பு. ஒவ்வொரு குப்பியிலும் ஐந்தில் ஒரு பங்கு கிளிசரால் கலந்திருந்தாள். இல்லையென்றால் உறையும்போது பனியூசிகள் செல்களைக் குத்திக் கிழித்துவிடும். வேறு எங்கும் பிரதி கிடையாது. உருகி மறுபடி உறைந்தால் எத்தனை பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது பேட்டரியில் ஓடும் அளவுகாட்டி மைனஸ் 71 காட்டியது. அவளுக்குப் போன் செய்தேன்.

“சார், கதவ மட்டும் தொறக்காதீங்க. மூடியே இருந்தா இன்னும் மூணு மணி நேரம் தாங்கும். நான் வந்துகினே இருக்கேன்.”

திறக்காமல் இருந்தேன். எட்டு நிமிடம். பிறகு ஒரு யோசனை வந்தது. எல்லாம் இருக்கின்றனவா என்று தெரியாமல் எதைக் காப்பாற்றுவது? திறந்தேன். வெள்ளைப் புகை கொட்டியது. நூற்று முப்பத்தொன்று வரை வந்தேன், மூக்குக்கண்ணாடி பனிபடிந்து எண்ணிக்கை போய்விட்டது. மூடிவிட்டு, துடைத்து, மறுபடி திறந்தேன். 183. ஒன்று குறைகிறது. இந்த நிலையில் யாரால் சும்மா இருக்க முடியும்? மூன்றாம் முறை எண்ணினேன். 184. நிம்மதியாக நிமிர்ந்தால் அளவுகாட்டி மைனஸ் 46.

அவள் வந்தாள். அளவுகாட்டியைப் பார்த்தாள், என் ஈரக் கண்ணாடியைப் பார்த்தாள்.

“எத்தன தடவ தொறந்தீங்க?”

“மூணு.”

“எதுக்கு?”

“எல்லாம் இருக்குதும்மா. 184.”

“இருக்கும் சார். எங்க போகும்? கால் இருக்குதா அதுக்கு?”

ஊரில் எங்கள் ஃப்ரீசரைவிடக் குளிர்ந்த ஒரே பொருள் கால்நடை மருந்தகத்தின் திரவ நைட்ரஜன் குடுவை. காளையின் விந்தை அதில்தான் வைத்திருப்பார்கள். வாடகைக் காரில் போனோம். மடியில் 37ஆம் குப்பியும் இன்னும் ஒன்பதும், ஐஸ்கட்டியும் உப்பும் போட்ட தெர்மாகோல் பெட்டியில். மீதியைக் கதவை மூடி விட்டுவிட்டோம். மருந்தகத்துக் கம்பவுண்டர் தன் உதிரிக் குடுவையில் கொஞ்சம் நைட்ரஜனை ஊற்றிக் கொடுத்தார். குப்பிகள் திரவத்தில் முங்காமல் அதன் ஆவியில் நிற்கும்படி மாணவி தொங்கவிட்டாள். திரவம் உள்ளே புகுந்தால் வெளியே எடுக்கும்போது குப்பி வெடிக்கும்.

“சீட்டு ஒட்டிட்டுப் போங்க சார்,” என்றார் கம்பவுண்டர். “மாறிப் போயி மாட்டுக்குப் போட்டன்னா, கண்ணுக்குட்டி பட்டுப்புடவ கட்டிகினு பொறக்கும்.”

“அதுக்கு ஜரிக யாரு தர்றது?” என்றாள் அவள். மதியத்திலிருந்து முதல் முறை சிரித்தது அப்போதுதான்.

மாலை ஆறரைக்கு மின்சாரம் வந்தது; மீதிக் குப்பிகள் அதற்குள் உருகவில்லை. மறுநாள் 37ஐ உருகவிடாமல், உறைந்த மேற்பரப்பைக் கம்பி வளையத்தால் சுரண்டி, பால் கலந்த அகார் தட்டில் கோடிழுத்து, அதை வளர இன்குபேட்டரில் வைத்தாள். அந்த இருபத்துநாலு மணி நேரத்தில் நான் இன்குபேட்டரைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை, அவள் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை தட்டில் 62 தனித்தனிப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றித் தெளிந்த வளையம். பட்டுப் பசையும் புரதம்தான்; இது பாலின் புரதத்தைத் தின்றிருக்கிறது. உயிரோடுதான் இருந்தது.

“இனிமே உங்கள நம்பி வைக்க மாட்டேன் சார்,” என்று அன்பாகத்தான் சொன்னாள்.

அடுத்த வாரம் வேலூரில் ஒரு ஆய்வகத்துக்குப் போனோம். புதிதாக வளர்த்த 37ஐக் கொழுப்பு நீக்கிய பாலில் கலந்து, பத்துக் கண்ணாடிக் குழல்களில் உறைய வைத்து, வெற்றிடத்தில் வைத்தார்கள். பனி தண்ணீராகாமலே ஆவியாகிப் போய்விட, அடியில் வெள்ளைப் பஞ்சு போல மிஞ்சியது. வெற்றிடத்திலேயே குழலின் கழுத்தை நெருப்பில் உருக்கி அடைத்தார்கள். இனி டீப் ஃப்ரீசர் வேண்டாம், சாதாரண ஃப்ரிட்ஜில் இருட்டில் வருடக்கணக்கில் கிடக்கும். சோதிக்க ஒன்றை உடைத்து நீர்ம ஊடகம் ஊற்றினார்கள்; வளர்ந்தது.

“மத்த ஒம்பதும்?” என்று கேட்டேன்.

“ஒடச்சாதான் தெரியும். ஒடச்சா இருக்காது. எண்ணுறதோட விட்டுடுங்க,” என்றாள்.

ஒன்பது. குழல்களைத் தொடாமல் பார்த்தே எண்ணிவிட்டேன்.

செலவு முழுதும் நானே கொடுப்பதாகச் சொன்னேன், அவள் மறுக்கவில்லை. கார் 600, நைட்ரஜன் 150, குழல்களுக்கு 2,500, டீப் ஃப்ரீசர் கதவுக்கு அவள் வாங்கச் சொன்ன பூட்டு 180, சாவி அவளிடம். ஆக மொத்தம் மூவாயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.