நானூற்று அறுபது ரூபாய் மச்சான்

பங்குத் தரகு அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் கரடி. ஊரே விலை ஏறும் என்று குதிக்கும்போது, விழும் என்று பந்தயம் கட்டுகிற ஆள். போனில் ஆர்டர் வாங்கிக் கணினியில் போடுவது வேலை.

"இரவல் வாங்கி வித்துடணும். விலை விழுந்ததும் அதே எண்ணிக்கையை வாங்கித் திருப்பிக் குடுக்கணும். நடுவுல மிச்சமாறது நமக்கு. ஏறிட்டா மாட்டினோம். வாங்கி வெச்சவனுக்குப் போட்ட பணம் மட்டும்தான் போகும். நமக்கு அந்த எல்லையே கிடையாது, விலை எவ்வளவு ஏறுதோ அவ்வளவும் நட்டம்" என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வார்.

அப்படித்தான் ஒரு பாட்டில் கம்பெனியின் ஆயிரம் பங்குகளை இரவல் வாங்கி இருநூறுக்கு விற்றார். கொடுத்தவன் மனைவியின் தம்பி, அதே கம்பெனியில் குடோன் பொறுப்பாளன். ஈடாக வைத்தது சொந்த வீட்டுக்குச் சேர்த்த மூன்று லட்சம். இருபத்திரண்டு வருட வாடகை வாழ்க்கைக்கு அதுதான் விடிவு.

விலை இருநூற்று நாற்பதைத் தொட்டது. அதைத் தாண்டினால் நட்டத்தோடு வாங்கி முடித்துவிடுவது அவர் வழக்கம். மச்சினனைக் கேட்டார்.

"அவசரப்படாதீங்க அத்தான். குடோன்ல பாட்டில் அடுக்க இடமில்ல. விழுந்தே தீரும்."

சொந்தக்காரன் சொல்கிறானே என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தார் மனுஷன். அடுத்த வாரமே வேறொரு பெரிய கம்பெனி அதை வாங்கப்போகிறது என்று செய்தி வந்தது. விலை நானூறு. அன்றே மச்சினனின் கடிதமும் வந்தது: இரவல் பங்குகள் வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப வேண்டும். போன் செய்தார், அவன் எடுக்கவில்லை. சந்தையில் விற்பாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பக்கத்து மேஜைப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். அவள் போன் அடித்தது. எடுத்தார்.

"அம்மா, போன மாசம் வாங்கின ஆயிரத்தையும் வித்துடுங்க. நானூத்தி அறுபதுக்குக் கீழ வேண்டாம். இன்னிக்கு வாங்கியே தீரவேண்டிய ஆள் ஒருத்தர் இருக்காரு."

மச்சினன் குரல். அவனுடைய பழைய ஆயிரம் இவரிடம் இரவலில் இருக்கிறது. இது வேறு ஆயிரம். 'விழும், விழும்' என்று இவரை உட்காரவைத்துவிட்டு, பக்கத்து மேஜையிலேயே வாங்கிக் குவித்திருக்கிறான் பாவி! தன் மனைவி கையால் எத்தனை வேளை சாப்பிட்டவன்!

அவர் கத்தவில்லை. ஆர்டரைத் திருப்பிச் சொல்லி வாடிக்கையாளர் வாயால் 'சரி' வாங்க வேண்டும், அது அலுவலக விதி. பேச்செல்லாம் பதிவாகும்.

"ஆயிரம் பங்கு. நானூத்தி அறுபது. விற்க. சரிதானே மச்சான்?"

இறங்கிய குரலில், "சரி" என்றான்.

அவர் அந்த ஆர்டரைப் போட்டுவிட்டு மேனேஜரைப் பார்த்து, "சார், என் கணக்குக்கு ஆயிரம் வாங்கிடுங்க. நானூத்தி அறுபதுல இருக்கு" என்றார். மூன்று லட்சத்தில் மிஞ்சியது நாற்பதாயிரம். அவன் அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.