மழை மெசேஜும் நாலு மாதத் தாடியும்

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மக்காச்சோளக் காட்டில் படப்பிடிப்பு நடத்திக்கொண்டிருந்தோம். மதியச் சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கேமராவைத் தார்ப்பாயில் சுற்றி வேனில் ஏற்றுவதற்குள் எல்லோரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். நான் அந்தப் படத்தில் இளைய உதவி இயக்குநர். எந்தக் காட்சியில் யாருக்கு என்ன சட்டை, என்ன காயம், எவ்வளவு தாடி என்று பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு மூத்த உதவி இயக்குநர் ஒருவர் இருந்தார். ஆள் நல்லவர்தான், ஆனால் அவசரக் குடுக்கை.

அவர் வேனுக்குள் உட்கார்ந்து குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டார்.

"அனைவருக்கும் வணக்கம். மழை காரணமாக நாளை காட்டு சீன் இல்லை. காடு காய்ந்ததும் எடுப்போம், தேதி பிறகு சொல்கிறேன். நாளை அதற்குப் பதில் சூரமங்கலம் வீட்டுக்குள் சீன் 17. காலை ஏழு மணிக்கு ஷாட். சீன் 17 ஆர்ட்டிஸ்ட் அனைவரும் ரெடியாக வரவும். தாமதம் வேண்டாம்."

ஜெனரேட்டர்காரர் முதல் சமையல் அண்ணன் வரை வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். நான் காட்டில் சேற்றில் மாட்டிய, கேமரா ஓடும் தண்டவாளப் பலகைகளை எண்ணி ஏற்றிவிட்டு, சாவகாசமாகத்தான் போனைத் திறந்தேன். மெசேஜை இரண்டு தரம் படித்தேன்.

படத்தில் அப்பாவாக நடித்தவர் அம்மாபேட்டைக்காரர். செட்டில் எங்கள் எல்லோருக்கும் அவர் அப்பாதான். பகலில் தறிப்பட்டறை வேலை, திருவிழாக் காலத்தில் மேடை நாடகம். ஐம்பது வயதுக்கு மேல் அவருக்குக் கிடைத்த முதல் சினிமா இது. நாலு மாதமாகத் தாடி வளர்த்திருந்தார். தாடி வைத்த காட்சிகளில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. விற்றுவிட்ட காட்டின் வரப்பில் உட்கார்ந்து அவர் கண் கலங்கும் குளோசப். படமே அந்த முகத்தில்தான் முடிகிறது. அவரும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தக் குளோசப்பு எப்பங்க அம்மிணி?" என்று கேட்பார். சீன் 17 என்பது பழைய நாட்களைக் காட்டும் ஃபிளாஷ்பேக். அதில் அவர் இளவயது அப்பா. தாடி கிடையாது.

ஓடிப்போய் வேன் கதவைத் தட்டினேன்.

"பதினேழுல அவருக்குத் தாடி இல்லீங்களே. காட்டு குளோசப் பாக்கி இருக்கே. தலைக்குள்ள மூளைக்குப் பதிலா என்ன வெச்சிருக்கீங்க?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. உடனே இரண்டாவது மெசேஜ் போட்டார். சீன் 17 இல்லை, அம்மாவும் மகளும் மட்டும் வரும் சமையலறைக் காட்சி எடுக்கிறோம், அப்பா தாடியைத் தொடவே கூடாது என்று. அனுப்பியவர் போனில் யார் பார்த்தார்கள் என்று தெரியுமே, திறந்து பார்த்தோம். அப்பா முதல் மெசேஜைப் பார்த்திருந்தார். பதிலும் போட்டிருந்தார். "சரிங்க சார். ரெடியா வந்தர்றேனுங்க." இரண்டாவதைப் பார்க்கவில்லை.

போன் அடித்தோம். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தோம்.

"மேக்கப்மேன் இல்லாம ஷேவ் பண்ண மாட்டாரும்மா" என்றார் மூத்தவர். சினிமாவில் அதுதான் வழக்கம். இயக்குநர் சொல்லாமல், மேக்கப்காரர் பக்கத்தில் நிற்காமல், நடிகர் ஒரு முடியையும் எடுக்க மாட்டார். எடுத்தால் கதை கந்தல். ஆனால் நாடகத்தில் அப்படி இல்லை. அங்கே அரிதாரம் பூசுவதும், மீசை ஒட்டுவதும், முகத்தை வழிப்பதும் அவரவர் பாடு. ரெடியாக வா என்றால் வேஷத்துக்கான முகத்தோடு வா என்றுதான் பொருள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பயமாக இருந்தது.

கம்பெனி காரில் கிளம்பினேன். வழியெல்லாம் மழை. டிரைவர் அண்ணன் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தார். "அண்ணா, கொஞ்சம் மிதிங்க" என்றேன். "மிதிச்சா நாம போய்ச் சேர மாட்டோம் சாமி, செய்திதான் போய்ச் சேரும்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு போனையே அழுத்திக்கொண்டிருந்தேன்.

அம்மாபேட்டையில் அவர் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி. போன் அலமாரியில் வெளிச்சம் போட்டு மின்னிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லை.

"சூட்டிங்குல சத்தம் வரக்கூடாதுன்னு சொன்னீங்களாமா. அதுலருந்து அது ஊமையாத்தானுங்க கெடக்குது. அவரு சலூனுக்குப் போயிருக்காருங்க. தாடி எடுத்த எடம் வெள்ளையாத் தெரியுமாம், ராத்திரியோட எடுத்துட்டா காலைல மூஞ்சி ஒண்ணுபோல ஆயிருமுன்னு சொல்லீட்டுப் போனாரு."

தெருமுனைச் சலூனுக்கு ஓடினேன். நாற்காலியில் யாரோ ஒரு அந்நியர் உட்கார்ந்திருந்தார். வழுவழுவென்ற முகம், தாடையில் வெளுத்த தோல். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க அம்மிணி. பத்து வயசு கொறஞ்சிருச்சுங்களா?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. கையால் தாடையைத் தடவினார்.

"ரெடியா வரச் சொன்னீங்களேங்க" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மேக்கப்காரருக்குப் போன் போட்டேன். சென்னைக்காரர், பெரிய அனுபவசாலி. மூத்தவரை ஒரு மூச்சு திட்டிவிட்டுக் கேட்டார், "முடி எங்க?"

"கீழதான் கிடக்கு."

"ஒரு முடி விடாம எடுத்துட்டு வா. கடையில விக்கிற முடியில செஞ்சா குளோசப்ல காட்டிக்கொடுத்துரும். அவர் முடின்னா பார்க்கலாம்."

நல்லவேளை, கத்தரியால் நீளமாக வெட்டிய பிறகுதான் வழித்திருந்தார்கள். சலூன்காரர் மூலையில் கூட்டி வைத்திருந்தார். அவர், நான், அப்பா மூன்று பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் தலைமுடியிலிருந்து அந்த நரையும் கருப்புமான தாடியைப் பிரித்துச் செய்தித்தாளில் கட்டினோம்.

சமையலறைக் காட்சி மறுநாள் முடிந்தது. அதற்கு அடுத்த நாள் வெயில். அதற்கும் மறுநாள் காட்டுக்காரர் அறுவடை மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தார். எடுத்தால் இன்றைக்கு, இல்லாவிட்டால் காடே இல்லை. மேக்கப்காரர் விடியும் முன்பே ஆரம்பித்தார். கம் தடவி, தாடைக்கு அடியிலிருந்து மேலே, கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டே வந்தார். அப்பா பொம்மை போல உட்கார்ந்திருந்தார். இட்லிகூட வேண்டாம் என்றுவிட்டார்.

முடித்ததும் மேக்கப்காரர் சொன்னார், "ஐயா, வாயை அதிகமா அசைக்காதீங்க. அழவே அழாதீங்க. கண்ணீர் இறங்குனா ஓரம் தூக்கிரும். மறுபடி ஒட்ட முடி இல்லை."

அழுவதற்காகவே எழுதிய காட்சி. இயக்குநர் தரையைப் பார்த்தார். மூத்தவர் எங்கேயோ போய் நின்றுகொண்டார். அப்பா மட்டும், "சரிங்க" என்றார்.

வரப்பில் உட்கார்ந்தார். கேமரா முகத்துக்கு அருகில் போனது. ஈரக் காடு பின்னால் அசைந்தது. மகளாக நடித்த பெண், "கெளம்பலாம்ப்பா" என்றாள். அவர் திரும்பவில்லை. காட்டையே பார்த்தார். கண் நிறைந்தது, விளிம்பு வரை வந்தது, நின்றது. "போலாம் போ" என்று உதடு பிரியாமல் சொன்னார். ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. நான் கையிலிருந்த பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இயக்குநர் கட் சொல்ல மறந்து, பிறகு சொன்னார். ஓகே என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா எழுந்திருக்கவில்லை. முகத்தையும் அசைக்கவில்லை. தண்ணீர் கொடுக்கப் பக்கத்தில் போனேன். அவர் என்னைப் பார்க்காமல் மேக்கப்காரரிடம் மெதுவாகக் கேட்டார்.

"இனி அழுதாப் பரவால்லீங்களா?"