வியாழக்கிழமைக் கெடு

குணமதி அக்காவின் கணவர் அனந்த் ஆடி மாதம் திடீரென்று இறந்துபோனார். காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய அக்கா அழவில்லை, யாரிடமும் புலம்பவும் இல்லை. தைரியமான பொம்பளை என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் எதிர் மேசைக்காரி. கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போகிறவளைத் தைரியசாலி என்று எப்படிச் சொல்வது?

எங்கள் சலவை நிலையம் வேங்கிக்காலில் இருக்கிறது. ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் இங்கேதான் வெளுக்கின்றன. அக்கா பில்லும் வசூலும் பார்க்கிறாள். துணியை எண்ணிக் கட்டி அனுப்புவது என் வேலை. முதலாளி சக்கரபாணிக்கு வாய் முந்திக்கொள்ளும், யோசனை சாவகாசமாக வரும்.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் விடுதிக்காரர் ராஜமாணிக்கம். ஒழுங்காகப் பணம் கட்டுகிற மனிதர், ஆடியிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. ஐப்பசியில் முதலாளி அக்காவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பணம் வரலன்னாலும் சரி, அந்த ஆளு கோச்சிக்கிட்டு வேற இடம் போயிட்டாலும் சரி, உன் சீட்டுக்கு வேற ஆள பாத்துப்பேன்."

அக்காவின் சம்பளத்தில்தான் மகள் த்ரிசலாவின் படிப்பு, வாடகை, எல்லாம். "சரிங்க சார்" என்றாள். மழை வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டதுபோல இருந்தது முகம்.

முதல் நினைவூட்டலை வாட்ஸாப்பில் அனுப்பினாள். பில் நகல்களை இணைத்து, "வேலை நெருக்கடியில் விட்டுப்போயிருக்கலாம். ஏற்கெனவே கட்டியிருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம்" என்று எழுதியிருந்தாள். பதிலாகக் கும்பிடும் கைகள் வந்தன. வெறும் கைகள்.

இரண்டாவதில் குழைவு இல்லை. எந்த பில், எந்தத் தேதியில் கட்ட வேண்டியது, எவ்வளவு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "பில்லில் ஏதும் குறை இருக்கிறதா? இல்லையென்றால் கட்டும் தேதியைத் தெரிவியுங்கள். சிரமமிருந்தால் தவணை பேசலாம்" என்று கேட்டாள். போனும் செய்தாள். "பாக்கலாம்மா. நீங்க மொதல்ல உடம்ப பாத்துக்கங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

முதலாளிக்கு ரத்தம் கொதித்தது. "விடுதிக்காரங்க குரூப்புல போடு. மானம் போனா தானா வருவான்."

"குரூப்புல போட்டா பணம் வரும் சார். ஆளு வரமாட்டாரு."

"அப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள்னு எழுது."

"வெள்ளிக்கிழமை லட்சுமி போயிடும்னு அவரு கையிலேர்ந்து பணம் குடுக்கமாட்டாரு சார். கட்ட முடியாத நாள கெடுவா குடுத்தா, நம்ம மேலதான் தப்பாயிடும்."

மூன்றாவதை நிறுவனத்தின் கடிதத் தாளில் அடித்து, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். முன்னால் அனுப்பிய இரண்டையும் தேதியோடு குறிப்பிட்டு, "வியாழக்கிழமைக்குள் நிலுவை வராவிட்டால், அதன்பின் ரொக்கத்துக்கு மட்டுமே துணி எடுக்க இயலும். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்காக ஒப்புக்கொண்ட உருப்படிகள் தடையின்றி வந்துசேரும். நெடுநாள் உறவு தொடர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்" என்று முடித்திருந்தாள். மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. அவள் உறையை ஒட்டிவிட்டு அடுத்த பில்லை எடுத்தாள்.

புதன்கிழமை காலை ராஜமாணிக்கம் நேரிலேயே வந்தார். நிலுவைக்குக் காசோலையை மேசைமேல் வைத்தார். அதன்மேல் இரண்டு பில்களை வைத்தார். இரண்டும் ஒரே தேதி, ஒரே துணிக் கணக்கு.

"இது ரெண்டு தடவ வந்துடுச்சும்மா. இத மட்டும் கழிச்சு போட்டிருக்கேன்."

அக்கா தேதியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அனந்த் இறந்த நாள். இந்த பில்லைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போட்டதையே இன்னொரு முறை போட்டுவிட்டு எழுந்து ஓடியிருக்கிறாள்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க" என்றேன் நான்.

"எப்பிடிம்மா சொல்றது? அந்த தேதிய காட்டி, தப்பு பண்ணிட்டீங்கன்னா?" அவர் குணமதி அக்காவைப் பார்க்காமல் பேசினார். "மிச்சத்த கட்டினா இது ஏன் கொறையுதுன்னு கேப்பீங்க. அதான் கட்டாமலே இருந்துட்டேன். இந்த லெட்டர பாத்தப்பதான், பழைய குணமதி மேடம் வந்துட்டாங்க, இனிமே சொல்லலாம்னு தோணிச்சு."

"தப்பு எங்களதுதாங்க" என்றாள் அக்கா. அதிகப்படியான பில்லுக்குக் கழிவுச் சீட்டு போட்டு, கையெழுத்திட்டு, ரசீதோடு கொடுத்தாள். அவர் கும்பிட்டார், இந்த முறை நிஜக் கைகளால். பௌர்ணமிக்குக் கூடுதல் விரிப்புகள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா இப்போதாவது அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. காசோலையை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். பிறகு பையிலிருந்து டப்பாவை எடுத்தாள்.

"தேவிப்ரியா, பசிக்குதுடி."

மதியம்கூட ஆகவில்லை. நானும் என் டப்பாவைத் திறந்தேன்.