பேரத்துக்கு நூறு பவுண்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் சின்னச் சின்னக் கட்டட வேலைகள் எடுத்துச் செய்த அம்பலவாணன், எந்த விலையிலும் பேரத்துக்கென்று நூறு பவுண் கூட்டித்தான் சொல்லுவார். அடித்துக் குறைக்காத வாடிக்கையாளருக்குச் சோறு இறங்காது என்பது அவர் கட்சி.

1989இல் ஒரு பல் வைத்தியசாலையைத் திருத்தும்போது, ஒப்பந்தத்தில் இல்லாத கதவொன்றைச் சுவரை உடைத்து வைக்கச் சொன்னார்கள். “கதவு: 500” என்று ஒற்றை வரி எழுதி நீட்டினார். வைத்தியசாலைக்காகச் செலவைச் சரிபார்க்கும் சர்வேயர் சுலோச்சனா, மதுரைக்காரி, தாளைத் திருப்பித் தந்தாள்.

“கூலி, பொருள், மெஷின் வாடகை, நிர்வாகச் செலவுன்னு பிரிச்சு எழுதுங்க சார்.”

“உதில பேரத்தை எங்க போடுறது, தங்கச்சி?”

“எங்கயும் இல்ல.”

முணுமுணுத்தபடி எழுதினார். இரண்டு பேருக்கு இரண்டு நாள் கூலி 240. கதவு, மேல்விட்டம், சீமெந்து 110. சுவர் உடைக்கும் மெஷினும் முட்டுக்கம்பிகளும் வாடகைக்கு 90. ஒப்பந்தப்படி நிர்வாகச் செலவுக்கும் இலாபத்துக்கும் நூற்றுக்குப் பதினைந்து வீதம், 66. மொத்தம் 506.

அம்பலவாணன் திகைத்தார். “வாடகையையும் நிர்வாகச் செலவையும் பதினொரு வருசமா நான் ஆரிட்டயும் கேட்டதேயில்லை!”

சுலோச்சனா ஒரு பென்சும் வெட்டாமல் கையெழுத்திட்டாள். அவருக்கு அது பொறுக்கவில்லை.

“ஒரு ஆறு பவுணாவது குறையுங்கோவன்.”

“பதினொரு வருஷமா நீங்க குறைச்சது போதும் சார்.”