தேருக்குப் போட்ட கட்டை

தொண்ணூறுகளின் பிற்பாதியில் பம்பாயில் ஓர் அரசு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் டாலர் வாங்கி விற்பது என் வேலை. ரூபாய் சரிந்துகொண்டிருந்த ஒரு காலையில் மத்திய வங்கியிலிருந்து போன் வந்தது. கையிருப்பிலிருந்து டாலர் தருகிறோம், உங்கள் வங்கியின் பெயரில் விற்றுவிடுங்கள், யாருடையது என்று மூச்சுவிடக் கூடாது என்றார் அதிகாரி. அவர் ராஜபாளையத்துக்காரர். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்.

விற்றேன். டாலர் ஏறாமல் நின்றது. ரூபாயை நானே தாங்கிப் பிடித்துவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். மதியம் அவரே போன் செய்து விற்பனையை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய கையோடு டாலர் ஏறியது. சற்று நேரத்தில், ஏறிய அந்த விலையில் மறுபடி விற்கச் சொன்னார்.

எனக்கு ஆபீஸ் இங்கிலீஷ் மறந்து ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

“என்னண்ணே இது? காலைல அம்புட்டு டாலர் வித்தோம். இப்ப ரூவாய நீங்களே விழ விட்டுட்டீங்களே?”

“விழத்தான் செய்யும். அத நிறுத்த நம்மால ஏலாது. ஒரேயடியா விழுந்தா எல்லாவனும் பயந்துபோயி டாலர் வாங்க ஓடுவான். நம்ம ஊர்த் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுதாங்களே, தேரை நிறுத்தவா போடுதாங்க? ஆள் மேல ஏறாம மெதுவாப் போகத்தான.”

“கட்டை தீந்துபோச்சுன்னா?”

அவர் செருமிக்கொண்டார்.

“இன்னும் எத்தனை கட்டை போடுவோம்னு தேருக்குத் தெரியக் கூடாது. அதுக்குத்தான் உங்க பேங்க் பேர்ல விக்கச் சொன்னேன்.”